12 பேர், 28 இரவுகள்: ஒரு வார்டுக்கு டியூட்டி பட்டியல் போட்ட அனுபவம்

டியூட்டி பட்டியல் நியாயமாக இருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலான செவிலியர்கள் முதலில் தம் பெயருக்கு நேரே எத்தனை நைட் விழுந்திருக்கிறது என்றுதான் எண்ணுவார்கள். செவிலியர் மேலாண்மைப் பயிற்சிக்காக ஒரு பொது மருத்துவ வார்டில் அமர்ந்து பட்டியல் போட வேண்டிய நிலை வந்தபோது, அந்த எண்ணிக்கை எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று எனக்குப் புரிந்தது. நைட்டில் இருவர் இருக்கிறார்கள் என்றால் அந்த இருவரின் சுமையும் ஒன்றல்ல. ஒருவர் சார்ஜ், மருந்து அலமாரியின் சாவியும், மருத்துவரை எழுப்புவதா வேண்டாமா என்ற முடிவும் அவருடையவை. மற்றவர் துணை. சார்ஜ் நாற்காலியில் யார் யாரெல்லாம் உட்காரலாம் என்பதை முடிவு செய்யாமல் நைட்டைப் பங்கிட்டால், பங்கீடு எப்போதும் சிலர் தலையிலேயே போய் விழும். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றியதே.

வார்டு கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், களியக்காவிளைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறது, 20 படுக்கைகள். செவிலியர்களில் பாதிப்பேர் குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தவர்கள். மீதிப்பேர் எல்லைக்கு அப்பால் பாறசாலையிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வருபவர்கள். ஷிப்ட் முறை, கேரளத்தில் எல்லோரும் சொல்லும் 6-6-12 தான்: காலை 8 முதல் பிற்பகல் 2 வரை, 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை. காலையில் இன்சார்ஜ் சிஸ்டரைத் தவிர 3 பேர், மாலையில் 3 பேர், இரவில் 2 பேர். பொது வார்டில் ஆறு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது மத்திய அரசின் பணியாளர் ஆய்வுப் பிரிவான எஸ்.ஐ.யு. வகுத்த விகிதம், பகலில் அதற்கு ஏறக்குறையப் பக்கத்தில் வந்துவிடுகிறோம், இரவில் பத்துக்கு ஒருவர்தான். இதைப் பட்டியல் போட்டுச் சரிசெய்ய முடியாது, ஆள் எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும் என்று எங்கள் ஆசிரியை தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். எனவே இருக்கிற ஆட்களை வைத்து 28 நாட்களுக்கு, 2025 ஆகஸ்ட் 18 திங்கட்கிழமை தொடங்கி செப்டம்பர் 14 ஞாயிறு வரை பட்டியல் போடுவதே பயிற்சியாயிற்று.

மாதக் கணக்கை விட்டு 28 நாளாக எடுத்ததற்குக் காரணம் ஞாயிற்றுக்கிழமை. மாதக் கணக்கில் ஒரு முறை நான்கு ஞாயிறு வரும், ஒரு முறை ஐந்து வரும். யாருக்கு எத்தனை ஞாயிறு ஆஃப் கிடைத்தது என்ற கணக்கு குழம்பிப்போகும். 28 நாளில் ஒவ்வொரு கிழமையும் சரியாக நான்கு முறை வரும். ஆண்டுக்கு 13 பட்டியல்கள்.

வார்டு பதிவேட்டில் 14 பெயர்கள் இருந்தன. ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருந்தார். அந்த விடுப்பு சட்டப்படி 26 வாரம் என்பதால், இந்தப் பட்டியல் முழுவதும் அவர் வரப்போவதில்லை. அவர் பெயரை எழுதி எதிரே கட்டம் போட்டு வைப்பது கண்ணுக்கு மட்டுமே ஆள் இருப்பதுபோல் காட்டும். ஆகவே அந்த வரியையே எடுத்துவிட்டேன். இன்சார்ஜ் சிஸ்டர் காலை மட்டும், ஞாயிறு ஆஃப். சுழற்சிக்குக் கிடைத்தவர்கள் 12 பேர்.

பெயர்களை மறைத்து எழுத்து கொடுக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுக்கு மேல் பணி செய்த நால்வருக்கு உயிரெழுத்துகளைக் கொடுத்தேன்: அ, ஆ, இ, ஈ. ஒன்று முதல் மூன்று ஆண்டு வரை அனுபவம் உள்ள ஐவருக்கு வல்லினம்: க, ச, ட, த, ப. சேர்ந்து ஆறு மாதம் ஆகாத மூவருக்கு இடையினம்: ய, ர, ல. இது விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் நிரப்பிய பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும்போது ஒரு நாளின் கட்டத்தில் எந்த இனம் கூடியிருக்கிறது, எது இல்லை என்பது உடனே கண்ணில் பட்டது. வண்ணப் பேனா செய்யும் வேலையை எழுத்தே செய்துவிட்டது.

நால்வரில் ஈ கர்ப்பிணி. மருத்துவமனை விதிப்படி அவருக்கு நைட் இல்லை. ஆக நைட்டுக்கு 11 பேர்.

முதலில் எங்களிடம் பழைய பட்டியல் ஒன்றைக் கொடுத்து ஆராயச் சொன்னார்கள். அதுவும் இதே ஆட்களை வைத்துப் போட்டது. நான்கு நைட் தொடர்ந்து ஒரு தொகுதி. 28 இரவுக்கு சார்ஜ் நாற்காலியில் 7 தொகுதி, துணை நாற்காலியில் 7 தொகுதி. சார்ஜ் என்றால் சீனியர்தான் என்பது வார்டின் எழுதாத விதி. ஈ இல்லாததால் மிஞ்சிய சீனியர்கள் மூவர். ஏழை மூன்றால் வகுத்தால் இருவருக்கு இரண்டு தொகுதி, ஒருவருக்கு மூன்று. அதாவது அந்த ஒருவர் 28 இரவில் 12 இரவு விழித்திருக்கிறார். துணை நாற்காலியின் ஏழு தொகுதிகளும் எட்டுப் பேருக்குப் பிரிந்தன. ஏழு பேருக்கு நான்கு நைட், ஒருவருக்கு நைட்டே இல்லை. எல்லாருக்கும் வார ஆஃப் சமமாகத்தான் இருந்தது. பட்டியலின் ஓரத்தில் ஆஃப் கூட்டுத்தொகை மட்டும் எழுதப்பட்டிருந்ததால், பார்ப்பவருக்கு அது ஒழுங்கான பட்டியலாகவே தெரிந்தது.

இன்னொரு சங்கதியும் அதில் ஒளிந்திருந்தது. நைட் முடிந்த நாளையே ஆஃப் என்று குறித்திருந்தார்கள். திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஒப்படைப்பு முடித்து, களியக்காவிளையில் பஸ் மாறி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, மாலை வரை தூங்கி எழுகிறவருக்குத் திங்கட்கிழமை ஆஃப் என்று எழுதுவது நியாயமன்று. அந்த நாளின் முதல் எட்டு மணி நேரம் அவர் வார்டில்தான் நின்றிருக்கிறார். செவ்வாய் காலை 8 மணிக்கு அவரை மறுபடி வரச் சொன்னால், பட்டியலில் ஓர் ஆஃப் இருக்கும், அவர் வாழ்க்கையில் இருக்காது. ஆகவே நான் ஒரு தனிக் குறியீடு வைத்துக்கொண்டேன்: நைட் முடிந்த நாள் ‘உறக்க நாள்’. அது பணி நாளும் அல்ல, ஆஃபும் அல்ல. அதற்கு அடுத்து இரண்டு உண்மையான ஆஃப். நான்கு நைட், ஓர் உறக்க நாள், இரண்டு ஆஃப் என்று ஒரு தொகுதி சரியாக ஒரு வாரத்தைத் தின்றுவிடும். அந்த வாரத்தில் வேலை நேரம் 48 மணி. மற்ற வாரங்களில் ஆறு நாள், ஆறு மணி நேரம் வீதம் 36 மணி.

தொகுதியை நான்கு நைட்டாகவே வைத்தேன். ஏழு நைட் தொடர்ந்து போடும் வழக்கம் பல மருத்துவமனைகளில் உண்டு. ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று சிலர் அதை விரும்பவும் செய்கிறார்கள். பகலில் முழுத் தூக்கம் வராத உடம்புக்கு அந்தக் கடன் இரவுக்கிரவு ஏறிக்கொண்டே போகும் என்பதால் நான் அதை ஒப்பவில்லை. சுழற்சியின் திசையும் முக்கியம்: காலை, மாலை, நைட் என்று முன்னோக்கிப் போனால் உடம்பு எளிதாக ஏற்கும், ஏனென்றால் நம் உள்கடிகாரம் இயல்பாக 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது, தாமதமாகத் தூங்குவது, சீக்கிரம் தூங்குவதைவிட அதற்குச் சுலபம். எனவே நைட் தொகுதிக்கு முந்தைய நாட்களில் மாலை ஷிப்டும், நைட்டுக்குப் பிந்தைய ஆஃப் முடிந்ததும் காலை ஷிப்டும் வரும்படி அமைத்தேன்.

இனி விடுப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் விடுப்பு விண்ணப்பத்தைக் கையில் எடுக்கக் கூடாது. கணக்கு எளியது. 12 பேர், 28 நாள், 336 ஆள்நாட்கள். இரவுக்கு 56 போயிற்று. 14 தொகுதிகளுக்குப் பின்வரும் உறக்க நாளும் ஆஃபும் சேர்த்து 42. மீதி 238. இதில் ஏழில் ஒரு பங்கு வார ஆஃப், அதாவது 34. கையில் 204. பகலுக்கு வேண்டியது நாளுக்கு 6 வீதம் 168. மிச்சம் 36. இந்த 36 நாள்தான் இந்த 28 நாட்களுக்கான மொத்த விடுப்பு இருப்பு. நாளுக்கு ஒருவர் என்று முன்கூட்டிய விடுப்பு கொடுத்தால் 28 தீர்ந்துவிடும். காய்ச்சலுக்கும் வீட்டில் திடீரென்று நேரும் காரியங்களுக்கும் எட்டு நாள் இருக்கும். ஒரே நாளில் இருவருக்கு விடுப்பு என்று ஒப்புக்கொண்டால் அன்று யாருக்கும் உடம்புக்கு வரக் கூடாது என்று வேண்டிக்கொள்வதாகத்தான் அர்த்தம். இந்த எண்ணை இன்சார்ஜ் சிஸ்டர் தம் மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதி வைத்துக்கொண்டார். விடுப்பு கேட்டு வருபவரிடம் ‘இல்லை’ என்று சொல்வதைவிட ‘அன்றைய இடம் நிரம்பிவிட்டது, மறுநாள் இருக்கிறது’ என்று சொல்வது அவருக்கும் எளிதாக இருந்தது, கேட்பவருக்கும் புரிந்தது.

இப்போது சார்ஜ் நாற்காலிக்கு வருகிறேன். மூன்று சீனியர்களை வைத்துக்கொண்டு எப்படிச் சுழற்றினாலும் 8, 8, 12 என்ற எண்கள் மாறாது. மாற வேண்டுமானால் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியுள்ளவர்களின் எண்ணிக்கை கூட வேண்டும். வல்லினத்தார் ஐவரில் க, ச, ட மூவரும் இரண்டு ஆண்டு கடந்தவர்கள். அவர்கள் ஏன் சார்ஜ் எடுக்கவில்லை என்று இன்சார்ஜ் சிஸ்டரிடம் கேட்டேன். “எடுக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை மக்களே, எடுத்துப் பார் என்றும் யாரும் சொல்லவில்லை” என்றார்.

பொது மருத்துவ வார்டில் நைட் சார்ஜுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை அவரும் நானும் ஒரு தாளில் எழுதினோம். நெஞ்சுவலி என்று நோயாளி சொன்ன பத்து நிமிடத்துக்குள் இ.சி.ஜி. எடுத்து மருத்துவரிடம் காட்டுவது; சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அடுத்தது என்ன என்று தயங்காமல் தொடங்குவது; இரத்தம் ஏற்றும்போது குளிரோ அரிப்போ வந்தால் முதலில் இரத்தத்தை நிறுத்திவிட்டு, ஊசி வழியை உப்பு நீரில் திறந்து வைத்துக்கொண்டு மருத்துவரை அழைப்பது; இரத்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து ஓடும் இன்ஃப்யூஷன் பம்பின் அளவை உத்தரவுப்படி மாற்றுவது; அவசர வண்டியைத் திறந்து டீஃபிப்ரிலேட்டரை இயக்குவது; தொலைபேசியில் மருத்துவரிடம் நோயாளியின் நிலையை முன்பின் குழப்பாமல் சொல்வது; பூட்டில் உள்ள போதை மருந்துகளை எண்ணி ஒப்படைப்பது. அவ்வளவுதான். ஆண்டுக் கணக்கு இதில் எங்கும் இல்லை. மூன்று ஆண்டு ஆனவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்கும் என்று நம்பித்தான் ஆண்டை அளவுகோலாக வைத்திருந்தார்கள். நேராக இவற்றையே பார்த்துவிட்டால் ஆண்டு தேவையில்லை.

பரிசோதனைக்கு மாலை ஷிப்டைத் தேர்ந்தெடுத்தார் சிஸ்டர். மாலையிலும் வார்டில் மருத்துவர் பெரும்பாலும் இருக்கமாட்டார், அழைத்தால்தான் வருவார். நைட்டின் தனிமை ஓரளவு இருக்கும். ஆனால் மூன்றாவது ஆள் இருக்கிறார், உடம்பும் விழித்திருக்கிறது. க, ச, ட மூவரையும் ஆளுக்கு மூன்று மாலை சார்ஜாகப் போட்டு, பக்கத்தில் ஒரு சீனியரைத் துணையாக வைத்தார். கேட்டால் ஒழிய அந்தச் சீனியர் வாய் திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு. தாளில் உள்ளவற்றில் மாலையில் நேராத நிகழ்வுகளை அவசர வண்டிக்கு முன்னால் நின்று செய்து காட்டச் சொன்னார். இது முந்தைய 28 நாள் பட்டியலிலேயே நடந்தாக வேண்டும் என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த பட்டியலில் நைட் பங்கு சமமாக வேண்டுமென்றால் இந்தப் பட்டியலின் மாலைகளில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்க வேண்டும். அன்றைக்கு அன்று எடுத்தால் நடக்காது.

மூவரும் தேறினார்கள். சார்ஜ் நாற்காலிக்கு இப்போது அறுவர்: அ, ஆ, இ, க, ச, ட. ஏழு தொகுதி, ஆறு பேர். ஆளுக்கு ஒன்று, ஒருவருக்கு மட்டும் இரண்டு.

ஆனால் புதியதாக ஒரு சிக்கல் முளைத்தது. புதிய சார்ஜுக்குப் பக்கத்தில் ஆறு மாதம் ஆகாத துணையை வைத்தால் அந்த வார்டில் அன்று இரவு உறுதியான கை ஒன்றுகூட இருக்காது. ஆகவே ய, ர, ல மூவருக்கும் பக்கத்தில் உயிரெழுத்துதான் இருக்க வேண்டும் என்ற விதியைச் சேர்த்தேன். அதோடு இன்னொன்று: சார்ஜும் துணையும் ஒரே நாளில் மாறினால், அன்று இரவு வரும் இருவருக்குமே நோயாளிகள் புதியவர்கள். முந்தைய இரவில் மூன்றாம் படுக்கைக்காரர் எத்தனை மணிக்கு மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தார் என்பது ஒப்படைப்புக் குறிப்பில் இருக்கும். அவர் எழுந்து உட்கார்ந்த தோரணை குறிப்பில் இருக்காது. எனவே துணை நாற்காலியின் மாற்றத்தை இரண்டு நாள் தள்ளி வைத்தேன். சார்ஜ் 1, 5, 9 என்ற நாட்களில் மாறினால் துணை 3, 7, 11 என்ற நாட்களில் மாறுவார். எந்த இரவிலும் இருவரில் ஒருவர் முந்தைய இரவைப் பார்த்தவராக இருப்பார்.

இப்படித் தள்ளி வைத்ததன் விளைவு, ஒவ்வொரு துணையும் தம் நான்கு இரவில் இரண்டு சார்ஜ்களுடன் இருப்பார். புதியவர் ஒருவரை வைக்க வேண்டுமானால் அடுத்தடுத்து இரண்டு சீனியர்கள் வர வேண்டும். இந்த இடத்தில்தான் அழிப்பானுக்கு நிறைய வேலை இருந்தது. கடைசியில் நின்ற வரிசை இதுதான். சார்ஜ் நாற்காலியில் நாள் 1 முதல் 4 வரை அ, 5 முதல் 8 வரை ஆ, 9 முதல் 12 வரை இ, 13 முதல் 16 வரை க, 17 முதல் 20 வரை ச, 21 முதல் 24 வரை ட, 25 முதல் 28 வரை மறுபடி அ. துணை நாற்காலியில் முதல் இரண்டு இரவும் முந்தைய பட்டியலிலிருந்து தொடரும் ப. 3 முதல் 6 வரை ய, 7 முதல் 10 வரை ர, 11 முதல் 14 வரை த, 15 முதல் 18 வரை ப, 19 முதல் 22 வரை இ, 23 முதல் 26 வரை மீண்டும் த, 27 முதல் ல.

19 முதல் 22 வரை சீனியரான இ துணை நாற்காலியில் இருப்பதைப் பார்த்தவுடன் வார்டில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. சச்சரவில்லாமல் தீர்ந்ததற்குக் காரணம், அந்த நான்கு இரவிலும் சார்ஜ் எடுப்பவர்கள் ச, ட என்ற புதியவர்கள் என்பதை இ அவர்களே எடுத்துச் சொன்னதுதான். முதல் முறையாக நைட் சார்ஜ் எடுப்பவருக்குப் பக்கத்தில் அனுபவசாலி இருப்பது வார்டுக்கு நல்லது. அனுபவசாலிக்கும் சாவி இல்லாத நைட் ஒரு தொகுதி கிடைக்கிறது.

இந்தப் பட்டியலில் அ, இ, த மூவருக்கும் இரண்டு தொகுதி. மற்ற எட்டுப் பேருக்கும் ஒன்று. 14 தொகுதியை 11 பேருக்கு இதைவிடச் சமமாகப் பிரிக்க வழியில்லை. மூவர் கூடுதலாகத்தான் தாங்க வேண்டும். நியாயம் என்பது அந்த மூவர் யார் என்பதை எழுதி வைத்து, அடுத்த பட்டியலில் கூடுதல் தொகுதி வேறு மூவருக்குப் போகும்படி பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. இதற்காக ஒரு நோட்டு தொடங்கினோம். நைட் தொகுதி, ஞாயிறு ஆஃப், பண்டிகை நாள் ஆகிய மூன்று கணக்கு மட்டும் அதில். பட்டியல் மாறினாலும் நோட்டு மாறாது. ஒரு தாளுக்குள் எல்லாவற்றையும் சமமாக்க முயன்றால் பைத்தியம் பிடித்துவிடும். நோட்டு இருந்தால் நான்கைந்து தாள்களில் தானாகச் சமமாகும்.

ஈ சிஸ்டரின் நிலையையும் சொல்ல வேண்டும். நைட் விலக்கு பெற்றவர்களைப் பற்றி மற்றவர்களுக்கு மனத்தாங்கல் இருப்பது இயல்பு. வெளியே யாரும் சொல்லமாட்டார்கள். இன்சார்ஜுக்கு ஞாயிறு ஆஃப் என்பதால் ஞாயிறு காலையில் வார்டை நடத்த ஒரு சீனியர் தேவைப்பட்டது. நான்கு ஞாயிறும் காலைப் பொறுப்பைத் தாமே எடுத்துக்கொள்வதாக ஈ முன்வந்தார். அவருடைய வார ஆஃப் வேறு கிழமைக்குப் போயிற்று. இது அவர் விரும்பிச் செய்ததால் மட்டுமே சரி. கர்ப்பிணியிடம் நைட்டுக்கு ஈடாக வேறொன்றைக் கட்டாயப்படுத்தி வாங்குவது முறையன்று.

பண்டிகை விஷயம்தான் எங்கள் எல்லைப்புறத்தில் மிகவும் சுவையானது. 2025-ல் திருவோணம் செப்டம்பர் 5. இந்தப் பட்டியலில் 19-ஆம் நாள். கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அன்று உள்ளூர் விடுமுறை உண்டு. க, ஆ, ட, த, ல ஆகிய ஐவர் அன்று விடுப்பு கேட்டிருந்தார்கள். நைட் வரிசைப்படி க சிஸ்டருக்குக் கடைசி நைட் செப்டம்பர் 2. 3-ஆம் தேதி காலை முடிந்து அன்று உறக்க நாள், 4-ஆம் தேதி உத்திராடமும் 5-ஆம் தேதி திருவோணமும் ஆஃப். ஒரு நாள் விடுப்பும் செலவழியாமல் அவருக்கு ஓணம் கிடைத்தது. இது தற்செயல் அல்ல. ஓணம் கொண்டாடுபவரை 13 முதல் 16 வரையிலான தொகுதியில் வைக்க வேண்டும் என்று முதலிலேயே குறித்துக்கொண்டுதான் வரிசையைத் தொடங்கினேன். அதே காரணத்தால், அன்று காலை நைட் முடித்து உறங்கப்போகும் ப சிஸ்டர், ஓணம் கேட்காதவராக இருக்கும்படியும் பார்த்துக்கொண்டேன்.

அன்று நைட்டுக்கு ச, இ. உறக்க நாளில் ப, ஆஃபில் க. மீதி எட்டுப் பேர். பகலுக்கு ஆறு பேர் வேண்டும்; ஆகவே இருவரை விடலாம், ஒருவருக்கு விடுப்பாகவும் ஒருவருக்கு வார ஆஃபாகவும். பதிவேட்டைப் பார்த்தால் கடந்த ஓணத்தன்று வேலை செய்தவர்கள் ஆ, த. எனவே அவர்கள் இருவருக்கும் கொடுத்தேன். எஞ்சிய ட, ல இருவரையும் மாலை ஷிப்டில் போட்டேன். ஓணத்தின் உயிர் நண்பகல் சத்யையில் இருக்கிறது. காலையில் பூக்களம் போட்டு, வீட்டாருடன் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு 2 மணிக்கு வார்டுக்கு வந்துவிடலாம். அவர்களுடன் அ இருந்ததால் மாலை ஷிப்டும் உறுதியாக இருந்தது. காலையில் இன்சார்ஜுடன் ஈ, ய, ர.

பண்டிகை விடுப்பு என்று எல்லாரும் ஒரு முழு நாளைக் கேட்கிறார்கள். உண்மையில் அவர்களுக்கு வேண்டியது அந்த நாளின் சில மணி நேரங்கள்தான். கிறிஸ்துமஸுக்கு வேண்டியது 24-ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை. ஆகவே அன்று நைட்டில் கிறிஸ்தவச் செவிலியரைப் போடாமல், 25 மாலையில் போட்டால் பலர் சம்மதிக்கிறார்கள். ரமலான் நோன்பு வைப்பவருக்கு மாலை ஷிப்ட்தான் கடினம், நோன்பு திறக்கும் நேரம் அதன் நடுவில் வரும். காலை ஷிப்ட் கொடுத்தால் விடுப்பே கேட்கமாட்டார். எந்த மணி நேரம் வேண்டும் என்று விண்ணப்பத் தாளில் ஒரு வரி சேர்த்ததும், ஒரே நாளுக்கு மோதும் விண்ணப்பங்கள் கண்கூடாகக் குறைந்தன.

பட்டியலை ஒட்டிய பிறகு அது குலையும் வழிகள் இரண்டு. ஒன்று திடீர் விடுப்பு. அப்போது யாரை அழைப்பது என்ற வரிசையை முன்பே எழுதி வைத்தோம்: முதலில் அன்று வார ஆஃபில் இருப்பவர்களில், இந்தப் பட்டியலில் இதுவரை அழைக்கப்படாதவர்; வந்தவருக்கு அதே பட்டியலுக்குள் காம்ப் ஆஃப். உறக்க நாளில் இருப்பவரை எக்காரணம் கொண்டும் அழைப்பதில்லை. களியக்காவிளைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கும் ஒருவரையே ஒவ்வொரு முறையும் கூப்பிடும் பழக்கம் வார்டில் இருந்தது; வீடு அருகில் இருப்பது அவருக்குத் தண்டனையாகிவிட்டது. வரிசை எழுதியதும் அது நின்றது.

இரண்டாவது, செவிலியர்களே தமக்குள் மாற்றிக்கொள்ளும் மியூச்சுவல். இதைத் தடுக்கத் தேவையில்லை. ஆனால் இரண்டு நிபந்தனைகள் வேண்டும். சார்ஜ் நாற்காலிக்குச் சார்ஜ் எடுக்கத் தகுதியுள்ளவரே மாற வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு யாருக்கும் நைட் முடிந்த அன்றே மாலை ஷிப்ட் வரக் கூடாது. மியூச்சுவல் சீட்டுகளைத் தூக்கி எறியாமல் சேர்த்து வைத்தால் அடுத்த பட்டியலுக்கு அவையே நல்ல வழிகாட்டி. இரண்டு பேர் ஒவ்வொரு வாரமும் ஒரே கிழமையில் மாற்றிக்கொள்கிறார்கள் என்றால், அந்தக் கிழமையில் அவர்களைத் தவறான ஷிப்டில் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஒரு குறிப்பிட்ட இரவுக்கு மட்டும் காய்ச்சல் வருகிறது என்றால், அன்று யார் யாரோடு இருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

பட்டியலை முதலில் பென்சிலில் ஒட்டி மூன்று நாள் விட்டு, அதன்பின் மையால் எழுதி மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கினோம். அந்த மூன்று நாளில் வந்த திருத்தங்கள் இரண்டே. ஒன்று ர சிஸ்டர் தங்கையின் நிச்சயதார்த்தம். மற்றது ட சிஸ்டர் தமக்கு இரவு 8 மணி முடிந்தபின் பாறசாலைக்குப் பஸ் கிடைப்பது சிரமம் என்பதால் மாலை ஷிப்டுகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் போடும்படி கேட்டது. அந்த வாரம் மட்டும் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்வதாகச் சொன்னார். இரண்டும் பகல் ஷிப்டுகளை மட்டுமே தொட்டன. நைட் வரிசை அசையவில்லை.

அடுத்த பட்டியல் செப்டம்பர் 15-ல் தொடங்கும். அதன் முதல் இரண்டு இரவிலும் துணை நாற்காலியில் ல இருப்பார் என்பதால், சார்ஜ் நாற்காலியின் முதல் தொகுதி ஒரு சீனியருக்கே போக வேண்டும். அ அப்போதுதான் நைட் முடித்திருப்பார். இ சிஸ்டருக்கு இந்தப் பட்டியலில் இரண்டு தொகுதி. ஆகவே ஆ என்று நோட்டில் எழுதி, மற்றக் கட்டங்களைக் காலியாக விட்டு இன்சார்ஜ் சிஸ்டரிடம் கொடுத்தேன்.